கோடைப் புடவையை எடை போட்டுப் பாருங்கள்

சென்னையில் ஏப்ரல் கடைசி. மயிலாப்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை, அந்த வருடக் கோடைக்கென்று இரண்டு கைத்தறிப் பருத்திப் புடவைகள் வாங்கினார். ஒன்று சுமாரான விலை. மற்றொன்று கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. “இது நூறு கவுண்ட்டுக்கா, இதைவிட மெல்லிசா நூலே வராது” என்று சொல்லித்தான் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். நூறு கவுண்ட் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. தொட்டுப் பார்த்தால் வழவழவென்று, தாள் போல இருந்தது. ஆனால் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போன அன்று பதினோரு மணிக்கெல்லாம் முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. விலை குறைந்த புடவையில் அந்தத் தொல்லை இல்லை. துவைத்து மொட்டை மாடியில் சேர்ந்தாற்போல் போட்டால் அதுதான் முதலில் காய்ந்தது.

இரண்டும் பருத்தி, இரண்டும் கைத்தறி. பிறகு வித்தியாசம் எங்கே? துணி வாங்கும்போது பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எத்தனை நம்பர் நூல்?” கடலோர ஊர்களின் புழுக்கத்துக்கு அந்த ஒரு கேள்வி போதாது என்பதற்கு இந்த இரண்டு புடவைகளே சாட்சி.

நம் உடம்பின் மேல்தோல் சுமார் 35 டிகிரிச் சூட்டில் இருக்கும். வெளியே காற்று 37, 38 டிகிரி என்றால் உடம்பின் சூடு காற்றுக்குப் போக வழியில்லை; வியர்வை ஆவியாகிப் போவது ஒன்றே வழி. வேலூர், கரூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அங்கே சற்றுக் கனமான துணியும் தாங்கும், வெயிலையும் மறைக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி கதை வேறு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகத் தயங்கும். தோலுக்கும் துணிக்கும் நடுவே தேங்கிய ஈரக் காற்று வெளியேறி, புதுக் காற்று உள்ளே வந்தால்தான் கொஞ்சமாவது குளிரும்.

பருத்தி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஓரளவு ஈரப்பதமுள்ள சாதாரணக் காற்றிலேயே அது தன் எடையில் எட்டரை சதவீத அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொண்டிருக்கும்; பாலியெஸ்டரில் இது அரை சதவீதம்கூட இல்லை. பருத்தியின் பெருமையாகச் சொல்லப்படும் இதே குணம் புழுக்கத்தில் எதிராகவும் திரும்பும். உறிஞ்சியதை அது சீக்கிரம் விடாது. துணி கனமாக இருந்தால் அத்தனை நூலும் நனைந்து, நாள் முழுக்க ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டது போலாகிவிடும். ஆகவே புழுக்கமான ஊர்க்காரர் பார்க்க வேண்டியவை இரண்டு: காற்று புக எவ்வளவு இடைவெளி இருக்கிறது, சுமக்கும் நூல் மொத்தம் எவ்வளவு.

இனி அந்த நம்பருக்கு வருவோம். 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு கழி. ஒரு பவுண்டு எடைக்கு அப்படி எத்தனை கழிகள் நிற்கின்றனவோ அதுதான் நூலின் நம்பர். நாற்பது கழிகள் நின்றால் 40-ஆம் நம்பர், எண்பது நின்றால் 80-ஆம் நம்பர். அதே எடைக்குள் நீளம் கூடக் கூட நூல் மெலியும். எனவே நம்பர் ஏற ஏற நூல் சன்னம். 40-ஆம் நம்பர் நூலின் தடிமன் ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர், 80-ஆம் நம்பர் 0.10, நூறாம் நம்பர் 0.09. கடையில் சொல்லும் ‘கவுண்ட்’ இதுதான். நூலின் சன்னத்தைச் சொல்லுமே தவிர, துணியில் அந்த நூலை எவ்வளவு நெருக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ‘2/80’ என்று எழுதியிருந்தால் 80-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று பொருள். இரண்டும் சேர்ந்த தடிமன் 40-ஆம் நம்பருக்குச் சமம். இரட்டை நூல் உறுதியானது, பிசிர் குறைவு, அடிக்கடி துவைக்கும் வேட்டி சட்டைக்கு நல்லது. ஆனால் விற்கும்போது முன்னால் இருக்கும் ‘2’ காணாமல் போய், வெறும் “எண்பது” ஆகிவிடுவது உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூல் எவ்வளவு நெருக்கம் என்பதைத் தறியில் தீர்மானிப்பது அச்சு. சீப்பின் பற்களைப் போன்ற அதன் இடுக்குகளில்தான் பாவு இழைகள் புகுந்து வருகின்றன. நாடா குறுக்கே ஓடி ஊடை விழுந்ததும், நெசவாளர் அந்த அச்சாலேயே அதைத் தட்டிச் சேர்க்கிறார். ஓங்கித் தட்டினால் நெருக்கம், மெல்லத் தட்டினால் தளர்வு. ஓர் அங்குலத்துக்குள் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்ற கணக்குதான் கடையில் யாரும் சொல்லாத, ஆனால் புழுக்கத்துக்கு மிக முக்கியமான கணக்கு.

இதை வீட்டிலேயே எண்ணலாம். துணியின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, கைப்பேசிக் கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோய்ப் படம் எடுத்து, திரையில் விரித்துப் பெரிதாக்கினால் இழைகள் தெளிவாகத் தெரியும். அரை அங்குலத்தில் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். ஆசிரியையின் வீட்டில் எண்ணியபோது, விலை குறைந்த 80-ஆம் நம்பர் புடவையில் பாவும் ஊடையும் அங்குலத்துக்குச் சுமார் 80 இழைகள். விலை கூடிய நூறாம் நம்பர் புடவையில் பாவு 120, ஊடை 110.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். முதல் புடவையில் 80 இழைகள், ஒவ்வொன்றும் 0.10 மில்லிமீட்டர் என்றால் நூல் அடைக்கும் இடம் எட்டு மில்லிமீட்டர். மீதி பதினேழு காற்றுக்குத் திறந்திருக்கிறது. இரண்டாவதில் 120 இழைகள், 0.09 வீதம் கிட்டத்தட்ட பதினொரு மில்லிமீட்டரை அடைத்துக்கொள்கின்றன. மீதி இடமும் பல துண்டுகளாகப் பிரிந்துபோகிறது. முதல் புடவையில் ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் இடைவெளி 0.22 மில்லிமீட்டர், இரண்டாவதில் 0.12. இடுக்கு குறுகினால் காற்று அதன் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வியர்வையில் நூல் ஊறியதும் சிறிய இடுக்குகள் தண்ணீராலேயே அடைபடுகின்றன. நூறாம் நம்பர் புடவை முதுகில் ஒட்டியதற்குக் காரணம் இதுதான். நூல் சன்னம் என்பதால் துணியும் காற்றோட்டம் என்று ஆகிவிடாது. சன்ன நூலை அளவாக நெய்தால் மல்மல் போல இருக்கும். அதே நூலை நெருக்கி நெய்தால் நேர்த்தியான, ஆனால் மூச்சு விடாத துணியாகும்.

இழை எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. சமையலறைத் தராசு.

புடவையை அலசி, நன்றாகக் காயவைத்து, மடித்துத் தராசில் வையுங்கள். வரும் எடையை, நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி வந்த பரப்பால் வகுக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள புடவையின் பரப்பு 6.6 சதுர மீட்டர். ஆசிரியையின் 80-ஆம் நம்பர் புடவை 323 கிராம், அதாவது சதுர மீட்டருக்கு 49. நூறாம் நம்பர் புடவை 370 கிராம், சதுர மீட்டருக்கு 56. அங்குலத்துக்கு அறுபது இழை போட்ட 40-ஆம் நம்பர் புடவை என்றால் இதே அளவுக்கு 490 கிராமை நெருங்கும். இடைவெளி பெரிதாக இருந்தாலும் சுமக்கும் நூலும், அது குடிக்கும் வியர்வையும் அதிகம். கொசுவத்தில் ஆறேழு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதை நினைத்தால் இந்த வித்தியாசம் இடுப்பில் நன்றாகவே உறைக்கும்.

கடற்கரைப் புழுக்கத்துக்கு அன்றாடப் புடவை சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குள் இருப்பது சுகம். சட்டைக்கும் குர்தாவுக்கும் 80 முதல் 100 வரை போகலாம், அவை தையலைத் தாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் கைத்தறியாகவே இருந்தாலும் கோடைக்கு ஏற்றதல்ல. சென்னிமலைப் போர்வையும் கைத்தறிதான். அதை யாரும் மே மாதத்தில் போர்த்திக்கொள்வதில்லை. எடை போடும்போது அகன்ற ஜரிகைக் கரை உள்ள புடவை ஏமாற்றும். ஜரிகையும் அடர்ந்த கரையும் எடையைக் கூட்டிவிடும், உடல் பகுதி லேசாகவே இருக்கலாம். ஆனால் இன்றைய சாதாரண ஜரிகை வியர்வையை உறிஞ்சாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கரை கணுக்காலோடு நின்றால் பரவாயில்லை, தோளிலும் முதுகிலும் விழும் முந்தானை முழுக்க ஜரிகை என்றால் அது வெயில் காலத்துப் புடவை இல்லை.

நெசவில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்று மாறி மாறிப் போகும் சாதா நெசவுதான் புழுக்கத்துக்கு உற்றது. ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையைக் குறுக்கே பின்னிப் பிரித்து வைப்பதால் நடுவே கண்கள் திறந்தே இருக்கும். இழைகள் இரண்டிரண்டாகத் தாவிச் சாய்கோடு விழும் ட்வில், நீளமாகத் தாவும் சாட்டின் இரண்டிலும் இழைகள் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். துணி வழவழப்பாக இருக்கும், கனமாகவும் இருக்கும். கட்டம் போட்ட துணி வேறு நெசவு என்று நினைக்க வேண்டாம். சாயமிட்ட நூலில் சாதா நெசவாக நெய்வதுதான் பெரும்பாலான கட்டங்கள். புட்டா வைத்த புடவையைப் புரட்டி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பூவுக்குப் பூ தாவும் உபரி நூல் வெட்டப்படாமல் தொங்கினால் அந்த இடம் இரண்டு மடங்கு தடிப்பு, வியர்த்த தோலில் அரிக்கவும் செய்யும்.

புழுக்கத்தோடு வாழ்ந்து பழகிய ஊர்கள் எதை நெய்தன என்று பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலராமபுரத்தில் நெய்யும் கசவு வேட்டியும் முண்டும் சன்ன நூலில், சாதா நெசவில், பெரும்பாலும் சாயமே ஏறாத நூலின் இயற்கை நிறத்தில் இருக்கும். கசவு ஓரத்தில் ஒரு கீற்றோடு நின்றுவிடும். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் அங்கே குடியேற்றப்பட்ட சாலியர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து போனவர்கள். ஆந்திரத்தில் நெல்லூர்ப் பக்கத்து வெங்கடகிரியில் நூறாம் நம்பர் நூலில் மிக லேசான புடவைகள் நெய்யப்படுகின்றன. நம் காரைக்குடிக் கண்டாங்கி இவற்றிலிருந்து வேறுபட்டது. கெட்டி நூல், அழுத்தமான நிறம், பெரிய கட்டம், வருடக்கணக்கான உழைப்பு. செட்டிநாட்டின் வறண்ட வெயிலுக்குப் பொருத்தமான அதைச் சென்னையின் மே மாத மத்தியானத்தில் கட்டினால் புழுங்கும். மார்கழியில் கட்டினால் அதைப் போல் வராது.

நூலும் நெசவும் சரியாக இருந்தும் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது: துணி தறியிலிருந்து இறங்கிய பிறகு அதற்குச் செய்யப்படும் பக்குவம். கடையில் நம்மை ஏமாற்றுவதும் பெரும்பாலும் இதுதான்.

கஞ்சி இல்லாமல் கைத்தறி இல்லை. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பாவடித் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, பெரிய தூரிகையால் இழை இழையாக நீவி விடுவார்கள். தறியில் அச்சு உரசும்போது நூல் பிசிராமலும் அறாமலும் இருக்க அது தேவை. இந்தக் கஞ்சி இரண்டு மூன்று அலசலில் போய்விடும். சிக்கல் இதற்கு மேல் வருகிறது. நெய்து முடித்த துணிக்குத் தனியாகக் கெட்டிக் கஞ்சி ஏற்றி, உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்தால் நூல் தட்டையாகி, இடுக்குகள் கஞ்சியால் நிரம்பி, தளர்ந்த மட்டமான துணிகூட மொடமொடவென்று பளபளக்கும். வாங்கும்போது கெட்டியாகத் தெரிந்த புடவை முதல் துவையலுக்குப் பிறகு கொசுவலை போலத் தொய்வது இதனால்தான். விரல்களுக்கிடையே ஒரு மூலையைக் கசக்கினால் வெள்ளைத் தூள் உதிர்கிறதா என்று பார்க்கலாம். வீட்டில் என்றால் மருந்துக்கடை அயோடினில் ஒரு சொட்டை, மடித்து உள்ளே போகும் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். கருநீலமாக மாறினால் அங்கே மாவுக் கஞ்சி இருக்கிறது. முதல் எடையையும் மூன்று அலசலுக்குப் பிந்தைய எடையையும் ஒப்பிட்டால், துணிக்குக் கொடுத்த காசில் எத்தனை கிராம் கஞ்சிக்குப் போனது என்பதும் தெரிந்துவிடும்.

அதற்காகக் கஞ்சியே கூடாது என்று சொல்வது தவறு. நம் பாட்டிமார்கள் சோறு வடித்த கஞ்சியில் புடவையை முக்கி எடுத்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. லேசாக விறைத்த துணி உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கும்; அந்த இடைவெளியில் காற்று ஓடும். கெட்டிக் கஞ்சி கண்களை அடைத்துவிடும், அறவே கஞ்சி இல்லாத மெல்லிய துணி வியர்த்ததும் தோலில் படிந்துவிடும். வடிகஞ்சியை நிறையத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கட்டியில்லாமல் நீர்மோர் பதத்தில் வைத்துக்கொள்வது சரியான அளவு. காய்ந்த துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே கண்கள் திறந்திருக்க வேண்டும். மங்கலான ஏடு தெரிந்தால் கஞ்சி கூடிப்போயிற்று.

கஞ்சியைவிட மோசம், கையில் தொட்டதும் பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகும் துணி. நூலின் இயல்பான மென்மையும் இப்படி இருக்கலாம். சிலிக்கோன் கலந்த மென்மையூட்டியாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் இழையின் மேல் மெல்லிய படலம் படிந்து, பருத்தி தன் முக்கியமான வேலையான உறிஞ்சுவதையே மறந்துவிடும். சுருங்காது என்று சொல்லி விற்கும் துணிகளில் ஏற்றும் பிசின் பக்குவத்துக்கும் இந்தக் குறை உண்டு. கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். துணியைத் தட்டையாகப் பிடித்து விரல் நுனியிலிருந்து ஒரு துளி விடுங்கள். ஐந்து நொடிக்குள் பரவி மறைந்தால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் போல முத்தாக நின்றால் சந்தேகம். ஆனால் உடனே தள்ளிவிட வேண்டாம்: வெளுக்காத புதுப் பருத்தியில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது, அதுவும் தண்ணீரைத் தடுக்கும். சோப்பு போட்டு வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் இந்த மெழுகு மெல்ல விடும். மென்மையூட்டி அவ்வளவு சுலபத்தில் விடாது. கோரா நிற வேட்டி முதல் நாள் வியர்வையைத் துடைக்காமல் வழுக்குவதும், பத்துத் துவையலுக்குப் பிறகு சொந்தத் தோல் போல ஆவதும் இந்த மெழுகால்தான்.

‘மெர்சரைஸ்டு’ என்ற சீட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். நூலை இழுத்துப் பிடித்து காஸ்டிக் சோடாவில் தோய்த்து அலசும் முறை அது. இதன் அடிப்படையை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டார். நூலின் மேல் எதையும் பூசுவதில்லை, நூலே உள்ளுக்குள் உருண்டு திரள்கிறது. பளபளப்பு கூடும், சாயம் நன்றாகப் பிடிக்கும், ஈரம் உறிஞ்சுவதும் சற்றுக் கூடுமே தவிரக் குறையாது.

தைத்துப் போடும் உடைக்கு ஓர் எச்சரிக்கை. காற்றோட்டமான துணி என்று மிகத் தளர்ந்த நெசவை எடுத்து ரவிக்கையோ சட்டையோ தைத்தால், தையல் ஓரத்தில் இழைகள் விலகி ஓடிவிடும். துணியை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி எதிரெதிர்த் திசையில் நகர்த்திப் பாருங்கள். இழைகள் நகர்ந்து விரிசல் விழுந்து, அப்படியே நின்றால் அது புடவைக்கும் துப்பட்டாவுக்கும் உரியது, ரவிக்கைக்கு ஆகாது. நல்ல பருத்தித் துணியில் ரவிக்கை தைத்து, உள்ளே பாலியெஸ்டர் கலந்த லைனிங் கொடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. வெளியே எத்தனை சன்னமான நூல் இருந்தும் தோலைத் தொடுவது அந்த லைனிங்தான். லைனிங் வேண்டும் என்றால் மல்மல் போன்ற மெல்லிய பருத்தியைத் தையல்காரரிடம் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது. கைத்தறித் துணி முதல் அலசலில் சுருங்கும். ஆகவே ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். அளவும் சற்றுக் கூடுதலாக எடுக்க வேண்டும்.

ஆசிரியை அந்த நூறாம் நம்பர் புடவையைத் தூக்கிப்போடவில்லை. மூன்று முறை அலசியதில் அது இருபது கிராம் இளைத்தது, தொய்வும் வந்தது. புழுக்கம் குறைந்த டிசம்பர், ஜனவரியில் விசேஷங்களுக்கு அதைக் கட்டுகிறார். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், கஞ்சி போட்ட புடவைகள் எல்லாவற்றையும் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்துத்தான் பீரோவில் அடுக்குகிறார். ஈரக் காற்றில் கஞ்சித் துணியில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சிக்கும் அந்த மாவுதான் தீனி.